நன்றி எழுதாத ராஜினாமா

கணக்கு டீச்சர் நீட்டிய தாளில் மூன்றே வரிகள் இருந்தன. ‘தலைமையாசிரியைக்கு. நான் வேலையை விடுகிறேன். என்னைத் தேட வேண்டாம்.’

பள்ளி அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் அக்கா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். “இது ராஜினாமாவா, வீட்டை விட்டு ஓடிப்போறவ எழுதி வச்ச சீட்டா?”

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து நாளுக்கு முன், அம்மாவுக்கு மூச்சுத்திணறல் என்று தகவல் வந்ததும் அரை நாள் விடுப்பு கேட்டாள். “பரீட்சைய முடிச்சிட்டுப் போ” என்றார் தலைமையாசிரியை. முடித்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா போய்விட்டிருந்தாள்.

“அந்தம்மாவுக்கு மரியாதை வேறயா, அக்கா?”

“இந்தக் கடுதாசியைப் பார்த்தா அனுபவச் சான்றிதழை இழுத்தடிப்பாங்க. அது இல்லாம அடுத்த பள்ளிக்கூடத்துல யாரு சேர்ப்பா? உன் பிள்ளைங்களை நினைச்சுப் பாரு.”

அக்கா புதிதாக அடித்தாள். அனுப்புநர், பெறுநர். ‘மதிப்பிற்குரிய அம்மா’. பொருள்: பணியிலிருந்து விலகுதல் தொடர்பாக. ‘குடும்பச் சூழல் காரணமாகப் பணியிலிருந்து விலக விரும்புகிறேன். என்னை விடுவித்து, அனுபவச் சான்றிதழ் வழங்குமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ பிறகு, எல்லா ராஜினாமாவிலும் அவள் வழக்கமாகச் சேர்க்கும் வரி: ‘தாங்கள் என்மீது காட்டிய பரிவுக்கு நன்றி.’ அடியில், ‘தங்கள் உண்மையுள்ள’.

டீச்சரின் விரல் நன்றி வரியில் நின்றது. “மதிப்பிற்குரிய இருக்கட்டும். அது அந்த நாற்காலிக்கு. தங்கள் உண்மையுள்ள, அதுவும் இருக்கட்டும், ஒன்பது வருஷம் உண்மையாத்தான் உழைச்சேன். இது மட்டும் பொய், அக்கா. அம்மா படத்துக்கு விளக்கேத்துற கையால இதுல கையெழுத்துப் போட மாட்டேன்.”

அக்கா அந்த வரியை எடுத்துவிட்டு, ‘உடன் பணிபுரிந்த அனைவருக்கும் நன்றி’ என்று அடித்தாள்.

தலைமையாசிரியை நின்றபடியே கடிதத்தைப் படித்தார். கடைசிக்கு வந்தவர் மறுபடி மேலே போனார்.

“எனக்கு நன்றி இல்லையா?”

டீச்சர் தரையைப் பார்த்தாள். சான்றிதழ் போச்சு என்று நினைத்தாள். வாசலில் நின்ற அக்கா மனசுக்குள் கடவுளைக் கூப்பிட்டாள்.

பேனா நகரும் சத்தம் கேட்டது. “சான்றிதழ் நாளைக்கே தயாரா இருக்கணும்” என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத் தலைமையாசிரியை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வராந்தாவில் டீச்சர் தன் நகலைப் பிரித்தாள். ‘ஏற்கப்பட்டது’ என்பதற்குக் கீழே கையால் எழுதியிருந்தது: ‘தங்களை அன்றே அனுப்பியிருக்க வேண்டும். தங்கள் தாயாரின் மறைவுக்கு வருந்துகிறேன்.’

ஒன்பது வருஷமாக ‘நீ, வா, போ’ என்றே பேசியவர்.

அந்த வரி அம்மாவைத் திருப்பித் தராது. ஆனாலும் டீச்சர் தாளைக் கசக்கவில்லை. நான்காக மடித்து, அம்மாவின் சின்னப் படம் ஒன்று இருந்த பைக்குள் வைத்துக்கொண்டாள். அக்கா கூடவே பள்ளிக்கூட வாசல் வரைக்கும் நடந்தாள்.