எதைச் சரி பண்ணணும்?

லிஃப்டுக்குள் நுழைகிற அவசரத்தில் மேலாளர் தன் குழுவிலிருக்கும் டிசைனருக்கு ஒரு வரி தட்டிவிட்டிருந்தாள்: "அந்த ரிப்போர்ட்டைச் சரி பண்ணிடுங்க, இயக்குநருக்கு அனுப்பணும், அர்ஜென்ட்." இருக்கைக்கு வருவதற்குள் அவனிடமிருந்து பதில்: "புகார் ரிப்போர்ட்டா மேடம்? அதுல எதைச் சரி பண்ணணும்?"

நியாயமான கேள்விதான். விளக்கமாக மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தாள். 'வாடிக்கையாளர் புகார் ரிப்போர்ட். நாலு மணிக்குள் வேண்டும். மாற்ற வேண்டியது:' அதோடு விரல் நின்றுவிட்டது. மண்டையைக் குடைந்தும் ஒன்றும் வரவில்லை. சரி பண்ணச் சொன்னது இயக்குநர் அல்லவா? அவருக்கே போன் போட்டாள்.

"மீட்டிங்ல அதைப் பாத்து நீங்கதானம்மா முகத்தைச் சுளிச்சீங்க? அதான் சரி பண்ணச் சொன்னேன்."

அவள் சுளித்தது பல்வலியில்.

தலையில் அடித்துக்கொண்டு, எழுதியதை அழித்துவிட்டு மறுபடி எழுதினாள்: 'புகார் ரிப்போர்ட்டில் தவறு எதுவும் இல்லை. அவசரத்தில் உங்களைக் குழப்பிவிட்டேன், மன்னியுங்கள். எதையும் மாற்றாமல் நாலு மணிக்குள் இயக்குநருக்கு அனுப்பிவிடுங்கள்.'

அனுப்பிய கையோடு பதில் வந்தது: "உங்க பதில் வரலையேன்னு அதுல கலரை மட்டும் மாத்தி அவருக்கு அனுப்பிட்டேன் மேடம். இப்பதான் சரியா இருக்காம்."