மிச்சம் வைத்த சொட்டு மருந்து

எங்கள் விலங்குக் காப்பகத்தில் மருந்தைத் தூக்கிப் போடும் பழக்கம் கிடையாது. பாதி மாத்திரை, கால் டியூப், அடியில் நாலு சொட்டு, எல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போய்விடும். அந்த டப்பாவுக்கு நான்தான் ராணி. எது எங்கே இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

பூனைக்குட்டி அறைக்கு ஒன்பது வருடமாக நான் பொறுப்பு. எங்கள் டாக்டர் என் நாத்தனார். ஊசி போடும்போது அவள் டாக்டர், வீட்டுக்கு வந்தால் என் கணவரின் செல்லத் தங்கச்சி. "அண்ணி, நான் வர்ற வரைக்கும் புதுசா எந்த வைத்தியமும் வேண்டாம், போன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் தெருநாய்க் கருத்தடை முகாமுக்குப் போனாள். நாலு நாள் முகாம். எனக்கு வந்ததே ரோஷம்! நேற்றுப் படித்து வந்தவள் எனக்குச் சொல்வதா?

அவள் கிளம்பிய அன்று மத்தியானமே யாரோ அட்டைப்பெட்டியில் ஒரு குட்டியை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சாம்பல் நிறம், இரண்டு மாதம் இருக்கும். இடது கண் ஏற்கெனவே உடைந்து, சுருங்கி, பள்ளமாகக் கிடந்தது. இருந்தது வலது கண் ஒன்றுதான். அதுவும் சிவந்து, நீர் வடிந்துகொண்டிருந்தது. ஒற்றைக்கண்ணன் என்று கூப்பிட வாய் வரவில்லை. முழங்கை மேல் ஏறி ஏறிப் பார்த்ததால் 'எட்டிப்பார்த்தான்' என்று பெயர் வைத்தேன்.

தும்மல் என்றால் தும்மல், ஒரு நிமிடம் ஓயவில்லை. அதே வாரம் பக்கத்துக் கூண்டில் இரண்டு குட்டிகளுக்கு நாக்கில் புண் வந்து, எச்சில் ஒழுக, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தன. அது காலிசி வைரஸ். போன வருடம் அறையையே புரட்டிப் போட்டது அதுதான். தரை துடைக்கிற சாதாரண மருந்துக்கு அது அசையாது, ப்ளீச்தான் வேண்டும் என்று அன்று படாதபாடு பட்டுத் தெரிந்துகொண்டேன். இந்தத் தடவையும் அந்தக் கூண்டுக்கு ப்ளீச் போட்டிருந்தேன். இவனுக்கும் அதே காலிசிதான் என்று நினைத்தேன். காலிசி பெரும்பாலும் வாயைத்தான் பதம் பார்க்கும், கண்ணில் கொஞ்சம் சிவப்பு வந்து போகும். இவன் வாயை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

சிவப்புதானே, வீக்கம் தணிந்தால் போதும் என்று டப்பாவைத் துழாவினேன். கிழட்டு நாய் ஒன்றின் கண் அலர்ஜிக்கு வாங்கிய சொட்டு மருந்து கிடைத்தது. ஸ்டீராய்டு. தினமும் மூன்று வேளை போட்டேன். மறுநாள் சிவப்பு பாதியாகிவிட்டது. 'பாத்தியாடி என் கைராசியை' என்று நாத்தனாரிடம் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் கண்ணைத் திறக்கவில்லை. நாலாம் நாள் விரலால் மெல்ல விரித்தபோது கருவிழி மேல் பனி மூடியது போல ஒரு வெண்மை.

அன்று மத்தியானம் டாக்டர் வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை. சாயம் தோய்த்த ஆரஞ்சு நிறத் தாள் துண்டை நனைத்துக் கண்ணில் தொட்டு, கழுவி, விளக்கை அணைத்து, நீல வெளிச்சத்தை அடித்தாள். கருவிழியின் மேல்தோல் போன இடமெல்லாம் சாயம் ஏறிப் பச்சையாக மின்னியது. இலை உதிர்ந்த கிளைபோல ஒரு கோடு, அதிலிருந்து சின்னச் சின்னக் கோடுகள். நடுவில் ஒரு குழி.

"கிளை கிளையா போகுது பாருங்க. இது ஹெர்பிஸ் வைரஸ், அண்ணி. காலிசி கண்ணை இப்படிக் கிழிக்காது. இடது கண்ணு உடைஞ்சு வந்துச்சே, அப்பவே தோணியிருக்கணும்." வாயைத் திறந்து பார்த்தாள். நாக்கில் ஒரு புண்கூட இல்லை. "ஆனா நடுவுல இவ்வளவு ஆழம் ஏன்? என்ன சொட்டு போட்டீங்க?"

"ஆன்டிபயாடிக்தான்" என்றேன். நாக்கு கூசாமல் வந்துவிட்டது.

அவள் முகம் மாறியது. "ஆன்டிபயாடிக் போட்டும் இப்படின்னா, மருந்துக்கு அடங்காத கிருமி உள்ள பூந்து உருக்குதுன்னு அர்த்தம். இன்னும் கொஞ்சம் போனா வெடிச்சிடும். ராத்திரிக்குள்ள மோசமாச்சுன்னா, காலையில கண்ணையே எடுத்துடுறதுதான் அதுக்கு வலி இல்லாத வழி."

கண்ணை எடுப்பதா? இருப்பதே ஒன்று! அவள் கை கழுவப் போனாள். குட்டி என் முழங்கையில் மூக்கைத் தேய்த்துக்கொண்டு, மூச்சு விட முடியாமல் வாயால் இழுத்தது. அதைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா நின்றேன் என்றால் நான் மனுஷியே இல்லை.

"நில்லு" என்றேன். "நான் போட்டது ஸ்டீராய்டு. நாயோட மிச்ச மருந்து. மூணு நாளா, மூணு வேளை."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் குழாயை மூடவில்லை.

"கண்ணுல புண்ணு இருக்கும்போது ஸ்டீராய்டா? வைரஸுக்கு விருந்து வச்ச மாதிரி அண்ணி! புண்ணையும் ஆற விடாது." குழாயை மூடினாள். "திட்டக்கூட எனக்கு நேரமில்ல. ஆனா இப்பவாவது சொன்னீங்களே. காரணம் அதுன்னா, நிறுத்தினாலே ஒரு வழி இருக்கு. காலையில ஆபரேஷன் வேண்டாம். ரெண்டு நாள் பார்ப்போம். பக்கத்துக் கூண்டுக்குப் ப்ளீச் போட்டது சரி, அதை விடாதீங்க. ஆனா ஒவ்வொரு கூண்டுக்கும் தனி அங்கி, தனி கையுறை."

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வைரஸை அடக்கும் மாத்திரையைப் பொடித்து, எடைக்கு ஏற்றபடி அளந்து கொடுக்க வேண்டும். கண்ணுக்கு வைரஸ் தடுப்புச் சொட்டு தனி, ஆன்டிபயாடிக் தனி, இரண்டுக்கும் நடுவில் கடிகாரம் பார்க்க வேண்டும். கண்ணைச் சொறிந்துவிடாமல் கழுத்தில் கூம்பு வளையம். வெந்நீர் ஆவி நிறைந்த குளியலறையில் மடியில் வைத்து உட்கார்ந்து, சளியை இளக்கித் துடைத்தேன். மூக்கு அடைத்தால் வாசனை தெரியாது, வாசனை தெரியாவிட்டால் பூனை சாப்பிடாது. மீன் குழைவைச் சூடுபண்ணி விரலில் தடவி நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது. தோலுக்கடியில் சலைன் ஏற்றினோம். வீட்டில் கணவர், "உனக்கும் அவளுக்கும் என்ன, ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசல?" என்றார்.

மூன்றாம் நாள் விரலை ஒரு தடவை நக்கியது. அழுதுவிட்டேன்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் நீல வெளிச்சம். பச்சை முதலில் அப்படியே இருந்தது, அப்புறம் ஓரம் சுருங்கியது, குழி மேடேறியது. மூன்று வாரத்தில் சாயம் ஒட்டவே இல்லை. ஆனால் நடுவில் ஒரு வெள்ளைத் தழும்பு நின்றது.

"புண்ணு ஆறிடுச்சு. வைரஸ் உடம்புக்குள்ளயே தூங்கும், பயந்தாலோ அலைக்கழிஞ்சாலோ எழுந்து வரும். அது வரும்போது பார்த்துக்கலாம்" என்றாள் டாக்டர். "பார்வை இருக்கான்னுதான் தெரியல."

பஞ்சு உருண்டையைச் சத்தமில்லாமல் அதன் முன் கீழே போட்டாள். எட்டிப்பார்த்தான் அசையவில்லை. இன்னொன்று. அதற்கும் அசையவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசி வேளை சொட்டு பாக்கி இருந்தது. போட்டுத்தானே ஆக வேண்டும்? பாட்டிலை எடுத்துக்கொண்டு, வாய் திறக்காமல், காலணியைக் கழற்றிவிட்டு, மெதுவாகக் கூண்டருகே போனேன்.

குட்டி தலையை உயர்த்தியது. என் கையிலிருந்த பாட்டிலையே பார்த்தது. அப்புறம் காதுகளை மடக்கி, ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்து, கூண்டின் மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டது. நான் இடப்பக்கம் போனால் இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் போனால் வலப்பக்கம்.

"அண்ணி" என்றாள் என் நாத்தனார், என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அது உங்களப் பாத்து பயப்படுது."

"ஆமாம்" என்றேன். "என்னைப் பாத்துதான்."