பதியாத இருபது லோடு

மேடவாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு நான் மேனேஜர். பெயர்தான் மேனேஜர், தண்ணீர் வராவிட்டால் இருநூறு வீட்டுக்காரர்களும் திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டுமே, அதுதான் வேலை.

லாரித் தண்ணீர் தாமோதரன் அண்ணனுடையது. ஏப்ரலில் இருபது லோடு உப்பாக வந்தது. அதற்குள் பணமும் கொடுத்தாகிவிட்டது. அண்ணன் தகராறே செய்யவில்லை. "மாத்தி ஊத்திடறேன் சார்" என்றார். இருபது லோடும் நல்ல தண்ணீராக ஊற்றினார். அவற்றை கேட் ரிஜிஸ்டரில் ஏற்ற வேண்டாம், சீட்டும் வாங்க வேண்டாம் என்று வாட்ச்மேனிடம் சொன்னது நான்தான். ஏற்றினால் மறுபடி பில்லில் சேர்ந்துவிடுமே! பெரிய புத்திசாலி.

ஜூனில் புதுப் பொருளாளராக ஜோவிதா மேடம் வந்தார். பழைய கணக்கில் உப்புத் தண்ணீருக்கான நாற்பத்தெட்டாயிரம் அண்ணன் தரவேண்டியதாகவே நின்றது. நடந்ததைச் சொன்னேன்.

"நீங்க சொன்னா ஆடிட்டர் ஒத்துப்பாரா? ரிஜிஸ்டர்ல காட்டுங்க."

எதைக் காட்ட?

மறுநாள் நானே கடிதம் அடித்தேன். 'தாங்கள் எங்களுக்குத் தரவேண்டிய ரூ.48,000, நிலுவையிலுள்ள தங்கள் மே மாத பில் தொகை ரூ.72,000-இல் ஈடு செய்யப்படும். மீதி ரூ.24,000 வழங்கப்படும். ஆட்சேபம் இருந்தால் ஏழு நாளுக்குள் ஆதாரத்துடன் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.'

அண்ணன் வந்தார். நின்றபடியே இரண்டு முறை படித்தார்.

"இன்னா சார் இது? மாத்தி ஊத்துனேனே. நீதான கேட்டாண்ட நின்னுகினு இருந்த?"

"மேடம்கிட்ட சொன்னேன்ணா. பேப்பர் கேக்கறாங்க."

"நீதான சீட்டு வாணாம்னு சொன்ன?"

"ஆமாண்ணா."

கூசிப்போனேன். அதையும் எழுத்தில் கொடுக்கிறேன் என்று மேடத்திடம் கேட்டிருந்தேன். "கணக்குல வராம லோடு எறக்கினேன்னு நீங்களே கையெழுத்துப் போடறீங்களா? போடுங்க, அப்புறம் வேற மேனேஜர் பாத்துக்கறோம்" என்றார். எனக்கும் ராஜகீழ்ப்பாக்கத்தில் வாடகை வீடு, இரண்டு பிள்ளைகள். வாயை மூடிக்கொண்டேன்.

"லாரி டியூ ரெண்டு மாசம் பாக்கி சார். பத்தாம் தேதிக்குள்ள அம்பதாயிரம் கட்டலன்னா ஃபைனான்ஸ்காரன் தூக்கினு போயிடுவான். இந்த பில்ல நம்பித்தான் கீறேன்."

"ஆட்சேபம் எழுதிக் குடுங்கண்ணா."

"எழுதுனா?"

"முடிவாகற வரைக்கும் மீதி இருபத்தி நாலாயிரமும் நிக்கும்."

அவர் மேசையில் கிடந்த என் பேனாவை எடுத்து, கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"சார், வண்டிய தூக்கிட்டான்னா உங்களுக்குத் தண்ணிக்கு இன்னா பண்ணுவீங்க? கொயந்தைங்க கீற எடம். முன்னாடியே எங்கனா சொல்லி வெச்சிக்கோ."

தலையாட்டினேன். வேறு லாரிக்காரரிடம் நான் நேற்றே பேசி முடித்திருந்தேன்.