வேலை செய்யாத குழாய்

டிசைனரான அவள் போட்ட கணக்கு இரண்டு டிகிரி. சோதனை மேடையில் தண்டு முறுகியது நாலே முக்கால். மூன்றாவது முறையும் அதே எண் வந்தபோது, அந்த மீட்டரைப் பிடுங்கிச் சுவரில் அடிக்கலாமா என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"இதுக்குத்தான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்," என்றார் மேனேஜர். "முழுசா இரும்புல போட்டிருக்கலாம். சாயங்காலத்துக்குள்ள காரணம் சொல்லலைன்னா உங்க தண்டு குப்பைக்குத்தான்."

நாலு மாத உழைப்பு குப்பைக்காம்! நடுவில் எஃகுக் கம்பி, மேலே அலுமினியக் குழாய், இடையில் பசை. ஒட்டிக்கொண்டால் இரண்டும் ஒரே அளவுதான் முறுகியாக வேண்டும்; முறுக்கு விசையையும் பங்கு போட்டுக்கொள்ளும். அலுமினியம் எஃகைவிட எளிதாக முறுகுவதுதான். ஆனாலும் வெளிப்புறத்தில் அகலமாக இருப்பதால் பாதிக்கு மேல் அதன் தலையில்தான் விழும்.

கடுப்பில் கணக்குத் தாளிலிருந்து குழாயை அடித்துவிட்டு, கம்பிக்கு மட்டும் கணக்கு போட்டாள். நாலே முக்கால். அச்சு அசலாக அதே எண்.

மேடையின் பிடிகள் வெளியே நீட்டிய கம்பியைத்தான் கவ்வியிருந்தன. குழாய்க்கு அதன் பங்கு பசை வழியாகத்தான் போயாக வேண்டும். அவள் கம்பியிலிருந்து குழாய்வரை மார்க்கரால் ஒரே கோடாக இழுத்து, மறுபடி முறுக்கச் சொன்னாள். கோடு விளிம்பில் உடைந்தது. கம்பியில் இருந்த பாதி நகர்ந்தது. குழாயில் இருந்த பாதி அசையவே இல்லை.

"பாருங்க சார்! எல்லாத்தையும் கம்பியே சுமக்குது. குழாய் சும்மா வேடிக்கை பாக்குது."

தண்டைக் கழற்றி அழுத்தியதும் குழாய் உருவிக்கொண்டு வந்தது. பசை முழுக்கக் குழாயோடு போயிருந்தது. கம்பியில் ஒரு பொட்டுகூட இல்லை. விரல் வைத்தாள். வழுக்கியது.

"எண்ணெயா?"

பளபளப்பு குறைந்தால் தூங்காத ஃபிட்டர். எல்லாரும் 'சுத்தம்' என்றே கூப்பிடுவார்கள். அவர் முன்னால் வந்தார். "நான்தான்மா. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுட்டு லேசா தடவி வெச்சேன். போன தடவை துரு இருந்ததுக்கு நீங்க என்னை எப்படிக் காய்ச்சினீங்க? இனிமே ஒரு புள்ளி பார்த்தா தொலைச்சிடுவேன்னு..."

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. ஒட்டுவதற்கு முன் எண்ணெயைத் துடைக்க வேண்டும் என்று அவள் எந்தக் காகிதத்திலும் எழுதவில்லை. திட்டுவதற்கு மட்டும் நேரம் இருந்தது.

"சரி, கணக்கு தப்பில்லை," என்றார் மேனேஜர். "மூணு நாள் தரேன், இன்னொண்ணு ஒட்டுங்க. ஆனா ரிப்போர்ட்ல தப்பு யாரோடதுன்னு போடணும்."

சுத்தம் கையிலிருந்த துணியைக் கசக்கினார்.

"என்னோடது," என்றாள்.

காலையிலிருந்து அவள் சொன்னதில் மேனேஜர் மறுபேச்சில்லாமல் நம்பியது அது ஒன்றைத்தான்.