ஷப்னத்துக்கு நான் கொடுத்த பால்

என் வாய் சும்மா இருக்காது. பேகம்பூரில் குர்ஷித் பேகம் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்று பக்கத்து வீட்டு ஜெய்தூன் பீவி என்னையே மிஞ்சிவிட்டாள்.

அவள் மகள் ஷப்னத்துக்கு ஐதராபாத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. பத்து நாளில் சேர வேண்டும்.

"தனியா அனுப்ப மாட்டேன்க்கா. உங்க மகன் அப்துல் ஹாதி அங்கதானே வேலை பாக்குறான். நிக்காஹ் முடிச்சு ரெண்டு பேரையும் அனுப்பிருவோம்."

கூட வந்த ஷப்னத்தின் முகம் வாடிப்போனது. படிப்பு போய்விடுமோ என்ற பயம் அது.

எனக்கோ பழசு ஞாபகம் வந்தது. ஷப்னம் பிறந்த இருபதாம் நாள் ஜெய்தூன் காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஒரு மாசம் என் மகள் ஷம்ஷாத்துக்கு ஒரு பக்கம், இவளுக்கு ஒரு பக்கம் என்று நான்தான் பால் கொடுத்தேன்.

"நீ என்ன விவரமில்லாதவளா? அவ எம் பாலைக் குடிச்சவடி."

"சேர்ந்து குடிச்சது ஷம்ஷாத் மட்டும்தானேக்கா? ஹாதிக்கு அப்ப நாலு வயசு, பால் மறந்துட்டான்."

கூடவே குடித்த ஷம்ஷாத் மட்டும்தான் அவளுக்கு உடன்பிறப்பு என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். ஹாதி வந்தால் ஷப்னம் முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே போவாள். எனக்கு மனசு கேட்கவில்லை. என் வீட்டுக்காரரையும் ஜெய்தூனையும் இழுத்துக்கொண்டு பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போனேன்.

"பால் குடிச்சப்ப பிள்ளைக்கு ரெண்டு வயசுக்குள்ளதானே? வயித்துக்குள்ள போச்சா?" என்று அவர் கேட்டார்.

"ஒரு மாசம் குடிச்சு கொழுகொழுன்னு ஆனா, ஹஜ்ரத்."

"நம்ம ஹனஃபி சட்டத்துல ஒரு வாய் போதும். ஷாஃபி சட்டத்துல அஞ்சு தடவை வயிறார குடிச்சிருக்கணும். ரெண்டுலயும் இவ உங்க மக. உங்க வீட்டுக்காரர் அவளுக்கு அத்தா. முன்னாடி பொறந்தது, பின்னாடி பொறந்தது, உங்க பிள்ளைங்க எல்லாரும் அவளுக்குக் கூடப்பொறந்தவங்க. ஹாதியோட நிக்காஹ் ஆகவே ஆகாது. சொத்துல மட்டும் பங்கு கெடையாது."

"அப்ப ஷப்னத்தோட தங்கச்சி, என் சின்ன மகளை ஹாதிக்குக் கட்டலாமா?" என்றாள் ஜெய்தூன்.

"அவ இவங்க பாலைக் குடிக்கல. அவளுக்குத் தடை இல்ல."

ஜெய்தூன் தலையில் கை வைத்தாள். "அப்ப ஷப்னத்தை யாருகூட அனுப்புறது? படிப்பு வேணாம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஹஜ்ரத், கூடப்பொறந்தவன் தங்கச்சியைப் பயணத்துக்குக் கூட்டிட்டுப் போகலாமா?"

"தாராளமா. அவன் அவளுக்கு மஹ்ரம், கட்டிக்கவே முடியாத உறவு. முக்காடுகூட வேண்டியதில்ல."

கல்யாணத்தை மறித்த அதே பால்தான் வழியையும் திறந்தது. அந்தப் பால் என்னுடையது. பெருமையில் என் நெஞ்சு விம்மியது, ஒளிக்க என்ன இருக்கிறது.

எட்டாம் நாள் திண்டுக்கல் ஜங்ஷன். லீவில் வந்த ஹாதி பெட்டியைத் தூக்கினான். ஷப்னம் முக்காடு இழுக்கவில்லை. "அண்ணே, அதுல புத்தகம் இருக்கு, மெல்ல வை" என்று அதட்டினாள்.

பக்கத்தில் நின்ற அம்மாள் கேட்டாள்: "மகளும் மருமகனுமா?"

"மகனும் மகளும்" என்றேன். "ரெண்டும் எம் பால் குடிச்சதுக."