சுருக்கத்தின் முதல் வரி

அலுவலகத்தில் எல்லோரும் அவளைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். வீடுகளைச் சோதித்து இன்ஜினியர்கள் எழுதித் தரும் நாற்பது ஐம்பது பக்க அறிக்கையை, வீட்டுக்காரருக்குப் புரிகிற மாதிரி இரண்டே பக்கமாக வெட்டித் தருவது அவள் வேலை. இன்ஜினியர்களுக்கு எல்லாக் குறையும் ஒரே குறைதான். இடிந்து விழக் காத்திருக்கிற சன்ஷேடுக்கும் சாயம் போன கதவுக்கும் ஒரே எழுத்து, ஒரே அளவு. படிக்கிறவர் பாவம், என்ன செய்வார்? சாயத்தைப் பார்த்து அலறுவார். சன்ஷேடுக்கு அடியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.

அதனால் அவள் எல்லாவற்றையும் மூன்றாகப் பிரிப்பாள். உடனே செய்ய வேண்டியவை, சில மாதத்துக்குள் பார்த்துக்கொள்ளலாம் என்பவை, சாதாரணத் தேய்மானம். மூன்றாவதை அவள் ‘வீட்டுக்கு நரை விழுந்தது’ என்பாள். நரைத்ததற்காக யாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதில்லையே.

அன்று அவள் கையில் இருந்தது ஒரு தையல்காரரின் வீடு. மனைவி இறந்துவிட்டாள், மனிதர் தனியாக இருக்கிறார், கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கும் ஒரே மகள் குடும்பத்தோடு வந்து சேரப்போகிறாள். அதற்கு முன்னால் வீடு தாங்குமா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டைப் பார்த்துவிட்டு வந்தது இரண்டு பேர். ஒருவர் குழாயும் மின்சாரமும், இன்னொருவர் சுவர், கதவு, ஜன்னல்.

அறிக்கையின் ஜன்னல் பகுதியில் ஒரு படத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குளியலறை வென்டிலேட்டரைப் பலகை வைத்து அடைத்திருந்தார் தையல்காரர். வெறும் பலகை இல்லை. சுற்றிலும் பஞ்சு வைத்து, துணி போர்த்தி, ஓரம் மடித்துத் தைத்திருந்தார்.

“இங்க பாரேன், வென்டிலேட்டருக்கு ஜாக்கெட் தைச்சுப் போட்டிருக்காரு. காலருக்குத்தான் துணி பத்தல போல,” என்று பக்கத்து மேசைக்காரியிடம் காட்டிவிட்டு, அதைத் தேய்மானத்தில் போட்டாள். குழாய்ப் பகுதியில் ‘குளியலறையில் கேஸ் ஹீட்டர், புகைக்குழாய் இல்லை, பொருத்துவது நல்லது’ என்று ஒரு வரி இருந்தது. அதைச் சில மாதத்துக்குள் என்பதில் சேர்த்தாள்.

எல்லாம் முடித்து, கடைசியாக ஒருமுறை படித்துப் பார்க்கிறபோதுதான் அவளுக்கு உறைத்தது. ஹீட்டர் எந்தக் குளியலறையில்? வீட்டின் வரைபடத்தைப் புரட்டினாள். அந்த வீட்டில் இருந்ததே ஒரு குளியலறைதான். ஒருவர் ஹீட்டரைப் பார்த்தார், ஒருவர் வென்டிலேட்டரைப் பார்த்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியவள், ஜாக்கெட் என்று சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

குழாய் பார்த்த இன்ஜினியரிடம் ஓடினாள். அவர் இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு எழுந்தே விட்டார். “கேஸ் எரியக் காத்து வேணும். புகை போக வழி வேணும். ரெண்டும் இல்லன்னா உள்ள சேர்றது விஷம். வாசனை வராது, கண்ணுக்கும் தெரியாது. இதைத் தூக்கி முதல் வரில போடு. அதுக்கு முன்னாடி போன் போடு.”

போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அவள் இரண்டு பக்கத்தையும் புதிதாக அச்செடுத்து, பையில் திணித்துக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

தையல்காரர் முன்னறையில் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் போனாவது, மணியாவது! கழுத்தில் டேப், காதோரம் சாக்பீஸ் தூள், மெலிந்த மனிதர். தான் யார் என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் கேட்டாள்: “ஐயா, இன்னிக்கு அந்த கேஸ் ஹீட்டரைப் போட்டீங்களா?”

“நானா? நான் பச்சைத் தண்ணி ஆளும்மா. அதைத் தொட்டு ஏழெட்டு மாசம் இருக்கும்.”

போன உயிர் அவளுக்குத் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அவளால் உட்கார முடிந்தது, அவர் தந்த தண்ணீரைக் குடிக்க முடிந்தது. அவருக்கோ தன் கவலை. அவளைக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போய், சுவரில் வலை வலையாக ஓடிய விரிசலைக் காட்டினார்.

“உண்மையைச் சொல்லுங்கம்மா. இது விழுந்துடுமா? ராத்திரி படுத்தா இதையே பார்த்துக்கிட்டிருக்கேன்.”

“இது மேல்பூச்சு காய்ஞ்சு வெடிச்சதுங்கய்யா. தலைமுடி அளவுதான். செங்கல்லு வரைக்கும் போகல, அளந்து பார்த்திருக்காங்க. பட்டி பார்த்து வெள்ளையடிச்சா முகம் தெளிஞ்சிடும்.”

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மனிதர் அப்படியே மலர்ந்துபோனார். பின்பக்கத்து சன்ஷேடில் கம்பி துருப்பிடித்து வெளியே தெரிகிறது, சிமெண்ட் பாளம் பாளமாகப் பெயர்கிறது, சரி செய்கிறவரை அதன் அடியில் யாரும் நிற்கவே கூடாது என்று அவள் சொன்னதற்கும் தலையாட்டினார். மின்பலகையில் கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச் இல்லை, அதையும் உடனே போட வேண்டும் என்றாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வீடு நிற்கும், மகள் வருவாள் என்கிற சந்தோஷம் அவருக்கு.

“இப்ப அந்த ஹீட்டர்,” என்றாள் அவள், முன்னறைக்குத் திரும்பியதும். அறிக்கை வாசிக்கிற குரலில் சொன்னாள். புகைக்குழாய் இல்லை, வென்டிலேட்டர் அடைத்திருக்கிறது, விஷக்காற்று சேரும். “முதல்ல தலை வலிக்கும். குமட்டும். கை காலெல்லாம் துவளும். கதவைத் திறக்கணும்னு தோணும், ஆனா எழுந்திருக்க முடியாது. அப்புறம்…”

அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

பேயறைந்தது போல நின்றார் தையல்காரர். மெல்ல, மிஷின் முன்னால் இருந்த ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார்.

“என் வீட்டுக்காரி அங்கதாம்மா போனா,” என்றார். “குளிக்கப் போனவ வரல. இருதயம் நின்னுபோச்சுன்னாங்க. வயசாச்சுல்ல, இருக்கும்னு நானும் நினைச்சுட்டேன்.”

தெரிந்திருந்தால் அவள் இப்படியா சொல்லியிருப்பாள்?

“குளிச்சா தலைவலி வருதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பா. ‘உலகத்துலயே உனக்கு மட்டும்தான்டி குளிச்சாத் தலைவலி’ன்னு கிண்டல் பண்ணுவேன். அவளும் சிரிப்பா. குளிர் தாங்கமாட்டா. மேல இருந்து காத்து அடிக்குதுன்னா. அதான் ஒரு பொழுது உட்கார்ந்து, கொஞ்சம்கூடக் காத்து வராதபடி…”

அவர் தன் கைகளைப் பார்த்தார். ஊரே மெச்சிய கைகள். அந்த நேர்த்திதான் வினையாகிப் போனது. காலையில் அதைப் பார்த்துத்தான் அவள் சிரித்திருந்தாள்.

அவர் கேட்டார்: “இதை எழுதியிருக்கீங்களா?”

“முதல் வரியே அதுதாங்கய்யா. ஹீட்டரும் பலகையும்.”

“அந்த ஹீட்டர் என் பொண்ணு வாங்கிக் கொடுத்தது. அம்மாவுக்கு வெந்நீர் வெச்சுக் கஷ்டப்பட வேணாம்னு. இந்தப் பேப்பரை அவதான் முதல்ல வாங்கிப் படிப்பா. பலகையை எழுதுங்க, நான் அடிச்சேன்னே எழுதுங்க. ஹீட்டரை மட்டும் எடுத்துடுங்கம்மா. இல்ல, அந்த மூணாவதுல போட்டுடுங்க. பழசாயிடுச்சுன்னு. இன்னிக்கே கழட்டி எறிஞ்சுடறேன். கழட்டினப்புறம் அது குறையே இல்லையே?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சரி செய்த குறையை அடுத்த அறிக்கையில் நீக்குவதும் வழக்கம்தான். வீட்டுக்காரர் அவர், அறிக்கை அவருடையது. ஹீட்டர் போனபிறகு அந்த வரியால் யாருக்கு என்ன லாபம்? ஒரு பெண்ணின் தலையில் காலமெல்லாம் சுமக்கும் பாரத்தை ஏற்றுவதைத் தவிர? கத்திரி பேனாவை எடுத்தே விட்டாள்.

“உங்க பொண்ணு வந்து, ஹீட்டர் எங்கன்னு கேட்டா?”

“ரிப்பேர்னு சொல்லிக்கறேன். அவ நம்பிடுவா. அவ வீட்ல இருக்கறதும் இதேதான், ரெண்டாச் சேர்த்து வாங்கினா. போன வாரம்கூட, ‘அம்மாவுக்கு வர்ற தலைவலி எனக்கு வந்திருக்குப்பா, அம்மா விட்டுட்டுப்போன சொத்து’ன்னு…”

அவர் வாயை மூடவில்லை. சொல் மட்டும் நின்றுவிட்டது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

மகளின் எண்ணைக் காட்டி, போனை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கி அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டுத் தந்தாள்.

“என்னப்பா இந்த நேரத்துல? பாப்பாவைக் குளிப்பாட்டத் தண்ணி பிடிச்சுக்கிட்டிருக்கேன்.”

“ஹீட்டரை நிறுத்து குட்டி.”

“என்னது?”

“நிறுத்துன்னு சொல்றேன்ல! குழாயை மூடு, கேஸையும் மூடு. பாப்பாவை வெளிய தூக்கிட்டுப் போ. எதுவும் கேக்காத.”

அவர் அந்தக் குரலில் மகளிடம் பேசியதே இல்லை போலும், மறுபேச்சு வரவில்லை. தண்ணீர்ச் சத்தம் நின்றது. குழந்தை சிணுங்கியது. கதவு ஒன்று திறந்தது.

“மூடிட்டேன். கூடத்துக்கு வந்துட்டேன். என்னப்பா, பயமுறுத்தாத.”

“இங்க வீட்டைப் பார்த்தவங்க சொன்னாங்க. காத்து போக வழியில்லாம அதைப் போட்டா, விஷம் சேருமாம். தலை வலிக்குமாம்.” எச்சில் விழுங்கினார். “ஹீட்டர் மேல ஒண்ணும் தப்பில்ல. நான்தான் பலகை அடிச்சேன்.”

அந்தப் பக்கத்திலிருந்து மிகச் சின்னக் குரலில், “அப்பா… அம்மா?” என்றது.

“நான்தான் குட்டி பலகை அடிச்சேன்,” என்றார் மறுபடியும்.

“அங்க யாரு இருக்கா? அவங்ககிட்ட குடு.” போன் கைமாறியது. “அந்த அறிக்கைல எது முதல்ல இருக்கு, சொல்லுங்க. ஹீட்டரா, பலகையா?”

இத்தனை வருடமாக எது பெரியது, எது சிறியது என்று பிரித்துச் சொல்லியே சம்பளம் வாங்கியவள் அவள். தையல்காரர் கெஞ்சும் கண்களோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டும் ஒரே வரிலதாம்மா இருக்கு,” என்றாள். “தனித்தனியா எழுத முடியல. அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு அறிக்கைக்குத் தெரியாது. யாராலயும் இப்பச் சொல்ல முடியாது. புகைக்குழாய் வைக்காம மாட்டினவங்க மேலயும்…”

“புகைக்குழாய்க்குச் சுவரை உடைக்கணும்னு மாட்ட வந்தவன் சொன்னான். அப்பா கட்டின வீடு, உடைக்க வேணாம், அப்படியே மாட்டுன்னு நான்தான் சொன்னேன்.” மகளுக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. “நானும் நீயும் சேர்ந்து அம்மாவை என்னப்பா பண்ணிட்டோம்?”

தையல்காரர் போனை வாங்கி இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை.

“அப்புறம் அழலாம் குட்டி. ரெண்டு பேரும் அப்புறம் உட்கார்ந்து அழலாம். ஜன்னலைத் திறந்தியா? அதைச் சொல்லு முதல்ல.”