முப்பத்தெட்டு முன்னுரைகள்

பதினேழாவது தாளும் ‘இன்றைய நவீன உலகில்’ என்று தொடங்கியதைப் பார்த்ததும் ஆசிரியை சிவப்புப் பேனாவை மேசைமேல் போட்டார். போட்டார் என்பது மரியாதைக்காகச் சொல்வது. பேனா உருண்டு கீழே விழுந்து, அலமாரிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. அதற்கும் அலுத்துவிட்டது போலிருக்கிறது.

வேலைக்குப் போகிறவர்கள் படிக்கும் மாலைக் கல்லூரி அது. கட்டுரை எழுதும் வகுப்பில் முப்பத்தெட்டு பேர். ஆளுக்கொரு தலைப்பு, ஆளுக்கொரு வேலை, ஆனால் முன்னுரை மட்டும் ஒன்றே ஒன்று. இன்றைய நவீன உலகில் பள்ளிச் சீருடை முக்கிய இடத்தை வகிக்கிறது. இன்றைய நவீன உலகில் குப்பை முக்கிய இடத்தை வகிக்கிறது. இந்த நவீன உலகில் முக்கிய இடத்தை வகிக்காத பொருள் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. அதன் பிறகு ‘இக்கட்டுரை ஆராய்கிறது’, அப்புறம் முதலாவதாக, இரண்டாவதாக, மூன்றாவதாக, இறுதியாக. ரயில் நிலைய அறிவிப்பில்கூட இதைவிட உயிர் இருக்கும்.

“எல்லாரும் சொல்லி வச்ச மாதிரி எழுதியிருக்காங்க!” என்று வீட்டில் பொரிந்து தள்ளினார். கணவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“சொல்லி வச்சது யாரு? நீ குடுத்த அச்சுதானே?”

ஆசிரியைக்குச் சுருக்கென்றது. ஐந்து வருடத்துக்கு முன்னால், முன்னுரையே இல்லாமல் பாதியில் குதித்துத் தொடங்கும் கட்டுரைகளைப் படித்து நொந்துபோய், கோடிட்ட இடங்களோடு ஒரு தாள் தயாரித்துக் கொடுத்தவர் அவரேதான். அந்த ஒரு தாள் எத்தனை நகல் போட்டதோ, எத்தனை கை மாறியதோ. கணவர்மேல் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இரண்டு மடங்காக வந்தது.

மறுநாள் மாலை ஐந்தரைக்கு ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஆசிரியர் அறைக்கு வந்தார். சீருடையைக்கூட மாற்றியிருக்கவில்லை. இடுப்பில் கையை ஊன்றி, மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். பதினெட்டு வருடம் ஸ்ட்ரெச்சர் தூக்கிய இடுப்பு. இனி வண்டியில் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அழைப்புகளைப் பிரித்து வண்டி அனுப்பும் கட்டுப்பாட்டு அறையில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதற்கு இந்த வகுப்புச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு இந்தக் கட்டுரை தேற வேண்டும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அன்று திங்கள்.

“இயந்திரத்தனமான முன்னுரைன்னு எழுதியிருக்கீங்க மேடம்,” என்று தாளை நீட்டினார். அதனோடு இன்னொரு தாளையும் எடுத்து வைத்தார். மடிப்பெல்லாம் கிழிந்து, பசை நாடா ஒட்டிய நகல். “இதுல இருக்கிற மாதிரிதானே எழுதினேன்? ஒரு கோடு விடல. கீழ பாருங்க, உங்க கையெழுத்துகூட இருக்கு.”

இருந்தது.

“அது… புதுசா எழுதறவங்களுக்காகக் குடுத்தது.”

“நானும் புதுசுதானே மேடம்.”

ஆசிரியை கட்டுரையைப் புரட்டினார். முன்னுரை, சைரனின் வரலாறு, நன்மைகள், தீமைகள் என்று மூன்று பக்கம் சோம்பலாக நகர்ந்தது. நாலாம் பக்கத்தில் மனிதர் திடீரென்று விழித்துக்கொண்டிருந்தார். தன் பயணக் குறிப்பேட்டிலிருந்து ஒவ்வொரு ஓட்டமாக எடுத்துப் போட்டு, சைரன் போட்டதால் எத்தனை நிமிடம் மிச்சம், அந்தச் சத்தத்துக்குப் பதறி எத்தனை பேர் வண்டியைத் தப்பாக ஒடித்தார்கள் என்று வெளுத்து வாங்கியிருந்தார்.

“உங்க கட்டுரை நாலாம் பக்கத்துலதான் தொடங்குது,” என்றார் ஆசிரியை. “முன்னுரையை எப்ப எழுதினீங்க?”

“முதல்லதான். அது முன்னால வர்றதுதானே?”

“முதல்ல எழுதலாம். ஆனா எழுதி முடிச்சதும் திரும்பி வந்து பாக்கணும். எழுத எழுதத்தானே நம்ம கட்சி என்னன்னு நமக்கே தெரியுது? நீங்க சொல்ல வந்தது நாலாம் பக்கத்துல கிடைச்சிருக்கு. முன்னுரைக்கு அந்தச் சேதியே போய்ச் சேரல. அது இன்னும் வரலாறு, நன்மை, தீமைன்னு உளறிக்கிட்டிருக்கு.”

ஓட்டுநர் நாலாம் பக்கத்தையே பார்த்தார். “அப்ப இந்த மூணு பக்கத்தை என்ன பண்றது?”

“தேவைப்படற ரெண்டு வரியை எடுத்துக்குங்க. மிச்சத்தைத் தூக்கிப் போடுங்க.”

“மூணு ஞாயித்துக்கிழமை மேடம் அது!”

புதன்கிழமை புதிய முன்னுரையோடு வந்தார். ஆசிரியை ஆசையாகப் படித்தார். மழை கொட்டுகிறது. சைரன் அலறுகிறது. கண்ணாடியில் நீர் வழிகிறது. ஓட்டுநரின் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஒரு பக்கம் முழுக்க மழை. வாதம் எங்கேயும் இல்லை. கட்டுரை எந்தப் பாதையில் போகும் என்பதும் இல்லை. பக்கம் முடிகிறபோதும் மழை விட்டபாடில்லை.

“நல்லாயிருக்கு,” என்றார் பற்களைக் கடித்துக்கொண்டு. “ஆனா எங்க கூட்டிட்டுப் போறீங்கன்னே தெரியலையே?”

“இயந்திரத்தனமா இருக்கக்கூடாதுன்னீங்க. எல்லாத்தையும் எடுத்துட்டேன்.”

“‘முதலாவதாக’ மாதிரி சொற்களை எடுக்கணும், அதுங்க செய்யற வேலையை எடுக்கக்கூடாது!” ஆசிரியையின் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் காதை மூடிக்கொள்ளாத குறை.

ஓட்டுநருக்கும் பொறுமை போய்விட்டது. “அச்சுல எழுதினா தப்பு. அச்சை விட்டாலும் தப்பு. நான் என்னதான் பண்றது? என் இடுப்பு பேசாது மேடம், பேசினா உங்களைத் திட்டும். எங்க நிலையத்துல நோயாளியை ஏத்தினாலே சைரன் போடணும்னு விதி. கால் முறிஞ்சவருக்கும் அதே சத்தம், மூச்சு நின்னவருக்கும் அதே சத்தம். உசிரு போகுதுன்னா போடு. இல்லேன்னா எதுக்கு? ரெண்டு நிமிஷம் மிச்சம் பிடிக்க ரோட்ல போற நாலு பேரைப் பதற வைக்கிறதா? முதல்ல அந்த ரெண்டு நிமிஷத்தைக் கணக்குப் பாருங்க, அப்புறம் அதுக்கு என்ன விலைன்னு பாருங்க, அதுக்கப்புறம்தான் யாருக்குப் போடறதுன்னு யார் முடிவு பண்றதுங்கிற பேச்சே வரும். இதைச் சொல்றதுக்கு எதுக்கு மேடம் நவீன உலகம்?”

ஆசிரியை தன் நோட்டை அவர் பக்கம் தள்ளினார். “இப்பச் சொன்னதை எழுதுங்க. எனக்குச் சொன்ன அதே வரிசையில. திட்டினதை மட்டும் விட்டுடுங்க.”

அரைமணி நேரத்தில், ஆறு அடித்தல்களுக்குப் பிறகு, இப்படி வந்தது:

‘ஆம்புலன்ஸின் சைரன் கேட்டால், உள்ளே யாரோ உயிருக்குப் போராடுகிறார் என்றுதான் சாலையில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எங்கள் நிலையத்திலோ நோயாளியை ஏற்றினாலே சைரன் போட வேண்டும் என்பது விதி. கால் முறிந்தவருக்கும் அதே சத்தம்தான். உயிர் ஊசலாடும் நோயாளிக்கு மட்டுமே சைரன் ஒலிக்க வேண்டும், மற்றவர்களுக்கு அது உதவியைவிட ஆபத்தையே கூட்டுகிறது என்பது என் வாதம். அது மிச்சப்படுத்தும் நிமிடங்கள் எத்தனை என்று என் பயணக் குறிப்பேட்டிலிருந்து தொடங்கி, அவற்றுக்காகச் சாலையில் மற்றவர்கள் கொடுக்கும் விலையை எடைபோட்ட பிறகுதான், யாருக்கு ஒலிக்கலாம் என்பதை யார் தீர்மானிப்பது என்ற கேள்விக்கு வர முடியும்.’

ஆசிரியைக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சந்தோஷமாக இருந்தது. வெள்ளி மதியம் இரண்டரை வரை அது தாக்குப்பிடித்தது.

அந்த நேரத்தில்தான் இரண்டாம் திருத்துநர் கூப்பிட்டு அனுப்பினார். எதையும் கட்டம் போட்டு, கோடு பிடித்துப் பார்ப்பவர். மாணவர்கள் அவருக்கு ‘ஸ்கேல்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஓட்டுநரின் கட்டுரை அவர் மேசைமேல் இருந்தது. பக்கத்தில் மதிப்பீட்டுத் தாள்.

“முன்னுரையில பாதை காட்டலுக்கு, அதான் உள்ள என்னென்ன வரும்னு சொல்றதுக்கு, மார்க் போட முடியல மேடம். தேடிட்டேன். ‘முதலாவதாக’ன்னு ஒரு இடத்துலயும் இல்ல. வரிசைச் சொற்கள் உள்ளனவான்னு கேட்டிருக்கு. இல்லைன்னு டிக் பண்ணினா மூணு மார்க்ல போயிடறாரு.”

ஆசிரியைக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. நாலு மணிக்குப் பட்டியல் மூடிவிடும்.

“முழுசாப் படிச்சுட்டீங்களா சார்?”

“இல்ல, முன்னுரை மட்டும்தான். ஒவ்வொரு கட்டமா முடிச்சுட்டுத்தான் உள்ள போவேன்.”

நல்லதாகப் போயிற்று. ஆசிரியை கட்டுரையை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். “இப்பச் சொல்லுங்க. உள்ள என்ன வரப்போகுது?”

ஸ்கேல் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “என்ன, சைரன் எவ்வளவு நேரம் மிச்சப்படுத்துதுன்னு பார்ப்பாரு. அடுத்து அதனால ரோட்ல என்ன ஆபத்துன்னு. கடைசியா, யாருக்குப் போடறதுன்னு யாரு முடிவு பண்றதுங்கிற விஷயம்.”

“அவர் கட்சி என்ன?”

“உயிர் போற கேஸுக்கு மட்டும்தான் போடணுங்கிறாரு.”

ஆசிரியை கட்டுரையைத் திருப்பி, பக்கம் பக்கமாகக் காட்டினார். நிமிடங்கள். விலை. தீர்மானிப்பவர். அதே வரிசை. “பாதை காட்டல உங்களுக்கு. அப்புறம் எப்படி சார் தெரிஞ்சுது?”

ஸ்கேல் நேர்மையானவர், அதில் குறை சொல்ல முடியாது. கொஞ்ச நேரம் கட்டுரையைப் பார்த்தார், கொஞ்ச நேரம் தாளைப் பார்த்தார். “ஆனா இந்த மதிப்பீட்டுத் தாள்ல தெளிவாப் போட்டிருக்கே மேடம்.”

“யாரு எழுதின தாள் அது?”

அவர் அடியில் தேடினார். தயங்கினார். “நீங்கதான்.”

“அவளுக்கு ஒண்ணும் தெரியாது சார்,” என்றார் ஆசிரியை. “ஆம்னு போடுங்க.”

போட்டார். ஓட்டுநர் தேறினார். அடுத்த மாதமே கட்டுப்பாட்டு அறை நாற்காலியில் போய் உட்கார்ந்தார். முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்ட படத்தை அனுப்பியிருந்தார். ஆசிரியை பழைய அச்சைக் கிழித்துப் போட்டார். ‘வரிசைச் சொற்கள் உள்ளனவா’ என்பதை அடித்துவிட்டு, ‘முன்னுரையை மட்டும் படித்தால் வாதமும் போக்கும் புரிகிறதா’ என்று எழுதினார். மனசு லேசாகிவிட்டது.

அடுத்த கட்டுரைக் கட்டு வந்தது. முதல் தாள்: ‘நூலகத்தின் மணி கேட்டால்…’. பரவாயில்லை. இரண்டாவது: ‘குப்பை வண்டியின் மணி கேட்டால்…’. மூன்றாவதில், ‘…விலையை எடைபோட்ட பிறகுதான், என்ற கேள்விக்கு வர முடியும்’. கேள்வியைத்தான் காணோம். ஏழாவது தாள் பள்ளிச் சீருடை பற்றியது. ‘உயிர் ஊசலாடும் மாணவர்களுக்கு மட்டுமே சீருடை வேண்டும் என்பது என் வாதம்.’

ஓட்டுநர் நல்ல மனுஷர். கேட்டவர்களுக்கெல்லாம் நகல் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஆசிரியை சீருடைக் கட்டுரை எழுதிய தையற்காரம்மாவைக் கூப்பிட்டார். தாளைக் கவிழ்த்து வைத்தார். “இது கிடக்கட்டும். சீருடை பத்தி நீங்க என்ன நினைக்கறீங்க? வாயால சொல்லுங்க.”

தையற்காரம்மா முதலில் தயங்கினார். அப்புறம் பிடித்துக்கொண்டார். வளர்கிற பிள்ளைகளுக்குத் தையல் மடிப்பில் துணியே விடாமல் தைக்கச் சொல்கிறார்கள் பள்ளிக்கூடத்தில், ஆறே மாதத்தில் சட்டை ஏறிவிடுகிறது, எல்லாரும் சமம் என்று சொல்லிக்கொண்டு ஏழைப் பிள்ளையைத்தான் குட்டைச் சட்டையில் நிற்க வைக்கிறார்கள், முதலில் அந்த மடிப்பைப் பாருங்கள், பிறகு சமத்துவம் பேசலாம் என்று கொட்டித் தீர்த்தார். ஆசிரியைக்கு எழுந்து கை தட்டலாம் போலிருந்தது.

“இதுதாங்க! இதேதான்! இதை அப்படியே எழுதுங்க.”

தையற்காரம்மா பையைத் திறந்து நோட்டை எடுத்தார், பேனா மூடியைக் கழற்றினார், பணிவாக நிமிர்ந்து பார்த்தார்.

“சரிங்க மேடம். அப்படியே எழுதறதுக்கு ஏதாவது மாதிரித் தாள் இருக்குதா?”